கவியாவின் பெயருக்கு நேரே இருந்த கட்டம்

ஜெபகுமாருக்கு ஜூன் முப்பதாம் தேதி ஓய்வு. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கணக்குப் போட்டால் தெரிந்துவிடுகிற தேதிதான். ஆனாலும் மனுஷன் ஜனவரி பிறக்கிற வரைக்கும் அது யாரோ மூன்றாம் பேருக்கு வரப்போகிற தேதி மாதிரியே இருந்தார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் இருக்கிற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை. 'பிரஷர் லேப்' என்று சொன்னால் வாசல் காவலருக்குக்கூடத் தெரியும். நிலையம் முழுக்கக் குழாய்களிலும் பம்புகளிலும் வட்ட முகத்தோடு அழுத்தமானிகள் உட்கார்ந்திருக்கின்றன இல்லையா, அவை காட்டுகிற எண் சரியா தப்பா என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற இடம் அது. சோதிப்பது யாரும் சோதிக்கலாம். சான்றிதழில் கையெழுத்துப் போட மட்டும் அதற்கென்று அங்கீகாரம் வேண்டும். இரண்டு பேருக்கு அந்த அங்கீகாரம் இருந்தது. ஒருவர் மும்பைக்கு மாற்றலாகிப் போய்விட, இரண்டு வருஷமாக ஜெபகுமார் ஒருவர்தான் கையெழுத்து. அவர் லீவு போட்டால் சான்றிதழும் லீவு.

ஜனவரி கடைசியில் ஓய்வுபெறப் போகிறவர்களுக்காக ஒரு நாள் கூட்டம் வைத்தார்கள். கணவன் மனைவி சேர்ந்து வர வேண்டும். மனைவி ஜெஸ்ஸி நிலையத்தின் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ். அவளுக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. டூட்டியை மாற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பென்ஷன் படிவத்தை எப்படி நிரப்புவது, இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஏன் வேண்டும், மருத்துவ அட்டையை எப்படி மாற்றுவது என்று அதிகாரி ஒவ்வொன்றாகச் சொன்னார். குடியிருப்பு வீடு விஷயம் ஜெஸ்ஸிக்குத் தெளிவாகப் புரிந்தது. அவளும் இங்கேயே ஊழியர் என்பதால் அவள் பெயருக்கு வீடு கேட்கலாம், அவள் தகுதிக்குரிய அளவில் கிடைக்கும். அதாவது ஒரு அறை குறையும். அதை அவள் அங்கேயே குறித்துக்கொண்டாள்.

கடைசி ஒரு மணி நேரம் ஒரு தாள் கொடுத்தார்கள். மூன்றே கேள்வி. யாரிடம் எதை ஒப்படைக்கப் போகிறீர்கள்? ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறீர்கள்? புதிதாக என்ன கற்கப் போகிறீர்கள்? ஜெபகுமார் முதல் கேள்விக்கு 'ஆய்வகப் பொறுப்பு' என்று எழுதினார். இரண்டாவதற்கு 'ஆலோசகர்' என்று எழுதினார். மூன்றாவதில் பேனா நின்றது. எல்லாரும் எழுதி முடித்துக் காபி குடிக்கப் போகிற நேரம் வரைக்கும் நின்றது. ஜெஸ்ஸி தாளை இழுத்து, 'படுக்கையில் கிடக்கிற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர் பயிற்சி, செங்கல்பட்டு' என்று தானே எழுதிவிட்டாள். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிறவள் சொல்லிக் கேள்விப்பட்டதாம். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் அவர் எதற்குமே அப்படித்தான். வருத்தமா என்றால் வருத்தமில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் நம்முடையது என்று தெரியும், ஆனால் ஒன்றும் உறைக்காது, அப்படி இருந்தார்.

உறைத்த விஷயம் ஒன்றே ஒன்று. காலையில் எட்டரைக்கு அந்த வாசலில் அட்டையைக் காட்டி உள்ளே போக வேண்டும். அது போய்விடக் கூடாது. மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும்.

பிப்ரவரியில் பிரிவுத் தலைவர் லட்சுமணன் கூப்பிட்டு அனுப்பினார். வயதில் ஏழு வருஷம் சின்னவர், மரியாதை தெரிந்தவர். ஒரு வருஷத்துக்கு ஆலோசகராக எடுக்கலாம், மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றார். ஆனால் குறிப்பில் ஒரு வரி எழுதியாக வேண்டும்: இந்த வேலைக்குத் தகுதியான வேறொருவர் பிரிவில் இல்லை. அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார், கவியாவுக்கு அங்கீகாரம் எப்போது என்று.

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்றார் ஜெபகுமார்.

எவ்வளவு லேசாக வாயில் வந்தது என்று பாருங்கள்! நாக்கு ஒரு இடத்தில்கூட இடறவில்லை.

கவியாவுக்கு ஒன்றும் பாக்கி இல்லை. கருங்குழியிலிருந்து பஸ் மாறி மாறி வருகிற பெண். டிப்ளமோ படித்துவிட்டு வந்து எட்டு வருஷம் ஆகிறது. எடைக்கல்லை ஒவ்வொன்றாக ஏற்றி எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டுகிற கருவி ஒன்று அங்கே உண்டு. கல்லை மெல்லச் சுழல விட்டு, அது உரசாமல் மிதக்கிற நேரத்தில் மீட்டரை விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டி, முள் அடங்கின பிறகு படிக்க வேண்டும். ஏறும்போது ஒரு வரிசை, இறங்கும்போது ஒரு வரிசை. கவியா தட்டுகிற தட்டு ஜெபகுமார் தட்டுவதைவிட நன்றாக இருக்கும். அது அவருக்கே தெரியும். அவளுடைய தகுதிப் படிவத்தில் பன்னிரண்டு வரி. பதினொன்றுக்கு எதிரே அவர் கையெழுத்து ஏறிவிட்டது. பன்னிரண்டாவது: 'முடிவை ஆராய்ந்து, தானே தீர்மானித்து, சான்றளிக்கும் திறன்.' அந்தக் கட்டம் மட்டும் காலி. அது நிரம்பினால்தான் அங்கீகாரம்.

மார்ச் மாதம் அவளே வந்து கேட்டாள். கேட்டதுகூடப் பயந்து பயந்துதான். அவர் முகத்தைத் திருப்பாமல், இன்னும் ஒரு சுற்றுப் பார்க்கலாம் என்றார். நாற்பது மீட்டர் கொடுத்தார். செய்தாள். ஒன்றிலும் தப்பில்லை. அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, 'ம்' என்று மட்டும் சொல்லி மேசை டிராயரில் போட்டார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். 'ம்' என்பதோடு யார் சண்டை போட முடியும்?

அதற்குப் பிறகு அவள் ஒரே மீட்டரை மூன்று முறை படிக்க ஆரம்பித்தாள். படித்ததை அடித்துவிட்டு மறுபடி படித்தாள். ஐந்தரை மணி பஸ்ஸை விட்டுவிட்டு, ஏழு மணி பஸ்ஸில் போனாள். ஜெபகுமார் இதையெல்லாம் பார்த்தார். பார்க்கவில்லை என்று அவரால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் பார்த்தது உள்ளே போய் எங்கும் ஒட்டவில்லை. ஒரு வருஷம்தானே, அப்புறம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம், அவளுக்கு வயது இருக்கிறது என்று ஒரு சமாதானம். அந்தச் சமாதானத்தைத் தினமும் சாப்பாட்டுக் கேரியரோடு எடுத்துக்கொண்டு போய்வந்தார்.

ஏப்ரலில் செங்கல்பட்டில் பயிற்சி. மூன்று நாள். ஜெஸ்ஸி பெயர் கொடுத்துவிட்டாள், போகாமல் இருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதனால் போனார். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூடம், பதினைந்து பேர், பெரும்பாலும் பெண்கள். நடத்தியவர் தெய்வநாயகி என்கிற நர்ஸ். குரலை உயர்த்தாமல் வேலை வாங்குகிற ரகம். படுக்கையிலேயே கிடக்கிறவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகில் எந்தெந்த இடத்தில் புண் வரும், வறண்ட வாயை எப்படி ஈரத் துணியால் துடைப்பது என்று முதல் நாள் முழுக்க. ஜெபகுமாருக்குக் கை ஓடவில்லை. முப்பத்தாறு வருஷம் எண்ணெயும் இரும்பும் பிடித்த கை, பயிற்சிக்கு வைத்திருந்த பொம்மையின் தோளைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறியது. இளம்பெண்கள் சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வந்தால்தானே!

மூன்றாம் நாள் பேச்சுப் பயிற்சி. தெய்வநாயகி கட்டிலில் நோயாளி மாதிரி படுத்துக்கொண்டார். ஒவ்வொருவராகப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். ஜெபகுமார் முறை வந்தது. எனக்குச் சரியாகிவிடுமா என்று கட்டிலில் கிடந்தவர் கேட்டார். எல்லாம் சரியாயிடும்மா என்று இவர் சட்டென்று சொன்னார். அவ்வளவுதான், தெய்வநாயகி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப யாருக்காக இதைச் சொன்னீங்க சார்?" என்றார். "எனக்காகவா, இல்ல இந்த இடத்துல இருந்து நீங்க சீக்கிரமா எழுந்து போகணும்னா?"

தெய்வநாயகி கடிந்துகொள்ளவில்லை, எல்லாருக்கும் பொதுவாகத்தான் விளக்கினார். தெரிந்த உண்மையைச் சின்னதாகச் சொல்லுங்கள், சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள், காரணம் சொல்லாதீர்கள், அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை உட்கார்ந்து கேளுங்கள். இதுதான் இந்த வேலையில் கஷ்டமான பாகம், புரட்டிப் படுக்க வைப்பது ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார். ஜெபகுமாரை மறுபடியும் உட்காரச் சொன்னார். இரண்டாவது தடவையும் சொதப்பினார். மூன்றாவது தடவை, எனக்குத் தெரியலம்மா என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருந்த அரை நிமிஷம் அவருக்குப் பெரும் பாடாக இருந்தது. அடுத்த ஆறு வாரம், சனிக்கிழமைகளில், பழகினவர் ஒருவரோடு சேர்ந்து வீடுகளுக்குப் போய் வேடிக்கை பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் தனியாக அனுப்புவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை ஆய்வகத்துக்குள் நுழையும்போது சீனு வாசலிலேயே நின்றான். நாற்பது வயதைத் தாண்டிய ஒப்பந்தத் தொழிலாளி. புதுப்பட்டினத்துக்காரன், மீட்டர்களை இறக்கி ஏற்றி வைக்கிறவன், தன்னைவிடச் சின்னவளான கவியாவையும் அக்கா என்றே கூப்பிடுகிறவன்.

"சார், கவியாக்கா ஸ்டோர் ரூம்ல அழுதுகினு கீது" என்றான். "இன்னான்னு கேட்டேன், வாயே தொறக்கல. உங்க மேசைல ஏதோ பேப்பர் வச்சிருக்குது."

மேசையில் மாற்றல் விண்ணப்பம் இருந்தது. வேறு பிரிவு ஏதாவது ஒன்றுக்கு, பண்டகசாலையானாலும் பரவாயில்லை என்று கேட்டிருந்தாள். காரணம் என்ற இடத்தில் சுத்தமான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'எட்டு வருடம் பயிற்சி பெற்ற பிறகும் தானே தீர்மானிக்கும் திறன் எனக்கு வரவில்லை. என்னால் ஆய்வகத்தின் பணி தாமதப்படுகிறது. ஆகையால் தகுதியுள்ள ஒருவருக்கு இந்த இடத்தைத் தர வேண்டுகிறேன்.'

அவர் இரண்டு முறை படித்தார். அவள் அவரைக் குற்றம் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஒரு வரியில்கூட அவர் பெயர் இல்லை. அவர் காலியாக விட்ட கட்டத்தை அப்படியே எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதும் அவருக்கு அழுகை வரவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை. அலமாரியைத் திறந்து தகுதிப் படிவத்தை எடுத்தார். பன்னிரண்டாவது வரிக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். அன்றைய தேதியையே போட்டார். பழைய தேதி போடலாமா என்று ஒரு கணம் கை நினைத்தது, அதுவும் நடந்தது, மறைப்பானேன்.

கவியா முகம் கழுவிக்கொண்டு வந்து கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். எட்டு வருஷத்தில் அவள் மேசைக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்ததில்லை, நின்றுகொண்டேதான் பார்ப்பார். படிவத்தை முன்னால் வைத்தார்.

"இது ஜனவரியிலேயே போட்டிருக்க வேண்டிய கையெழுத்து" என்றார். "உனக்கு அப்பவே எல்லாம் வந்துடுச்சு. நான்தான் போடல. போட்டா எனக்கு ஒரு வருஷம் கிடைக்காது."

காரணங்கள் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. முப்பத்தாறு வருஷம், வீட்டில் சும்மா உட்கார முடியாது, அப்படி இப்படி. அவற்றை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தார்.

கவியா அந்தக் கட்டத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"அப்போ நாலு மாசமா உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்."

"நா ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்ப்பேன் சார், எங்க தப்பு பண்றேன்னு. எங்க வூட்டுக்காரர்கிட்ட, நா மக்கு, எனக்கு ஏறலைன்னு சொல்லிகினு இருந்தேன்." குரல் உயரவில்லை. யாரோ மூன்றாம் பேருக்கு நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "அவரும் நம்பிட்டாரு."

ஜெபகுமார் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் பரவாயில்லை சார் என்று சொல்லித்தான் ஆக வேண்டும், அந்த வேலையை அவளுக்குக் கொடுக்க அவர் விரும்பவில்லை. அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொள் என்று மட்டும் சொன்னார். ஜூலையிலிருந்து இந்த ஆய்வகம் உன் பொறுப்பு, நான் ஆலோசகர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

அவள் தலையாட்டினாள். படிவத்தை மடிக்காமல் ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பேப்பர் மேலே போகட்டும் சார். காரணத்த மட்டும் மாத்தி எழுதித் தரேன்" என்றாள். "இங்கயே இருந்தா, முள்ளைப் பாக்குறப்போல்லாம் சரியா தப்பானு எனக்கே சந்தேகமா இருக்கும். நீங்க போனாலும் அது போகாது."

அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் ஆறு மீட்டர் சோதித்தாள். சான்றிதழில் முதல் தடவையாகத் தன் கையெழுத்தைப் போட்டாள். ஜெபகுமாருக்கு அதைக் காட்டவில்லை, காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

பம்புகள் பிரிவு கவியாவை எப்போதிலிருந்தோ கேட்டுக்கொண்டிருந்ததாம். மே மாத நடுவில் ஆணை வந்தது, போய்விட்டாள். லட்சுமணன் ஜெபகுமாரைக் கூப்பிட்டார். இப்போது நிலைமை வேறு, ஜூனுக்குப் பிறகு கையெழுத்துப் போட ஆளே இல்லை, மாற்றலில் வருகிற ரஞ்சித்குமார் பழகுவதற்கு ஆறேழு மாதமாவது ஆகும், மீட்டர்கள் குவிந்து கிடக்கின்றன என்றார். தகுதியான வேறொருவர் இல்லை என்கிற அந்த வரியை இப்போது தயங்காமல் எழுதலாம் என்று சொல்லிக் குறிப்பை நீட்டினார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. ஜெபகுமார் சொன்னார். சின்னதாகச் சொன்னார். லட்சுமணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இருந்தாலும் வேலை நடக்கணுமே சார் என்றார். அதுவும் நியாயம்தான், வேலை நடக்கத்தான் வேண்டும்.

ஒரு வருஷம் வேண்டாம் என்றார் ஜெபகுமார். ஆறு மாதம், வாரத்தில் மூன்று நாள், ரஞ்சித்குமாருக்குச் சொல்லிக் கொடுக்க. அவன் தேறினானா இல்லையா என்று தீர்மானிக்கிற வேலை தனக்கு வேண்டாம், வெளி ஆய்வகத்திலிருந்து ஒருவர் வந்து பார்க்கட்டும். இதையும் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். லட்சுமணன் சேர்த்தார். கீழே ஒப்புதல் கையெழுத்து. போட்டார்.

மூன்று நாள் ஆய்வகம், செவ்வாயும் சனியும் செங்கல்பட்டு. திட்டம் என்று பார்த்தால் ஜனவரிக் கூட்டத்து அதிகாரி கைதட்டுவார். நோக்கம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, பாதி வேலையும் இருக்கிறது. அந்தத் தாளில் இருந்த மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் ஜெஸ்ஸி டூட்டி முடிந்து வந்தபோது அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். ஜனவரியிலிருந்து ஒன்றுகூட விடவில்லை. பிப்ரவரியில் லட்சுமணனிடம் சொன்ன பதில், டிராயரில் போட்ட நாற்பது தாள், பழைய தேதி போட நினைத்தது வரைக்கும். ஜெஸ்ஸி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கேட்டாள். நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை. சொல்லி முடித்த பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு போயிட்டா. உங்களுக்கு உள்ளே போக அட்டை கிடைச்சிடுச்சு" என்றாள். "இதுல நான் எதுக்குங்க சந்தோஷப்படணும்? சொல்லுங்க, படறேன்."

மேசை மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து மாதமாக எங்கேயோ மரத்துக் கிடந்தது அப்போதுதான் விட்டது. வலித்தது. நெஞ்சு, தொண்டை, கண்ணுக்குப் பின்னால் எல்லாம் வலித்தது. ஜெஸ்ஸி எழுந்து போகவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.